ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்

மவுஸைப் பிடித்திருந்த சந்தோஷ்குமாரின் மணிக்கட்டை சுகாசினி பாய்ந்து பிடித்தாள்.

“அழுத்தாதே!”

“மேடம், விடுங்க. பத்திர ஆபீஸ்ல ஒரு பொம்பள அழுதுக்கினு நிக்குது. டோக்கன் கூப்பிடப் போறாங்க.”

“அதனாலதான் சொல்றேன். கைய எடு.”

கை விலகியது. திரையில் பச்சை நிற ‘அனுப்பு’ பொத்தான் இன்னும் அழுத்தப்படாமல் மின்னிக்கொண்டிருந்தது. சுகாசினி அவன் நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் மாடி. கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலே மூன்று மேஜை, ஒரு ஏசி, ‘வழித்துணை’ என்று எழுதிய ஒரு பலகை. வழித்துணை என்பது வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் சாட்பாட். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி, முதியோர் பென்ஷனுக்கு எங்கே போவது என்று ஊர் முழுக்க ஆயிரம் கேள்விகள் வரும். அதற்கெல்லாம் இயந்திரமே பதில் சொல்லிவிடும். ஆனால் மருத்துவத்திலோ சட்டத்திலோ ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று யாராவது முடிவு கேட்டால், வெள்ளோட்டம் முடியும் வரை இயந்திரத்தின் பதில் நேரே போகாது. சிவப்பு வரிசையில் வந்து நிற்கும். சுகாசினியோ சந்தோஷோ பார்த்து, திருத்தி, அனுப்ப வேண்டும். பதிலை ஆட்களும் பார்ப்பார்கள் என்று சேரும்போதே எல்லோரிடமும் சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள்.

பத்து நிமிடத்துக்குள் யாரும் அனுப்பாவிட்டால் ஆயத்தமாக இருக்கும் ஒரு வரி தானாகப் போய்விடும். திரையின் ஓரத்தில் அந்தப் பத்து நிமிடம் ஒரு சிவப்புக் கோடாகக் கரைந்துகொண்டிருந்தது.

சுகாசினி கேள்வியை மறுபடி படித்தாள்.

‘வணக்கம். பத்திர ஆபீஸ்ல இருக்கேன். எங்கப்பா வீட்டுல என் பங்க கூடப் பொறந்தவங்களுக்கு விட்டுக்குடுக்க விடுதலைப் பத்திரம். எல்லாரும் வெளிய காத்துக்கினு இருக்காங்க. கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சேன்னு சொல்றாங்க. எனக்கு அழுகையா வருது. கையெழுத்து போடட்டுமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.’

அதன் கீழே, சந்தோஷ் திருத்தி எழுதியிருந்த பதில்:

‘அக்கா, பயப்படாதீங்க. கையெழுத்து போடாதீங்க. சட்டப்படி அப்பா சொத்தில் உங்களுக்குச் சம பங்கு உண்டு. யார் மிரட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.’

“நல்லாத்தான் எழுதியிருக்கே,” என்றாள் சுகாசினி. “வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்குது.”

“நான் பி.எல். முடிச்சவன் மேடம். இன்னும் வக்கீலா பதிவு பண்ணலைன்னாலும் சட்டம் தெரியும். பொண்ணுக்கும் சம பங்குன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். வாலாஜாபாத்துல எங்கம்மா இப்படித்தான் சீர் கொண்டுவந்த என் தாய்மாமனுங்க சிரிச்சிக்கினு நீட்டுன பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வந்துச்சு. அப்புறம் வாடகை வீட்டுல செத்துச்சு. அப்ப அதுங்கையில ஒரு போன் இருந்து, யாராவது ஒருத்தர் ‘போடாத’ன்னு சொல்லியிருந்தா…”

சுகாசினி ஒரு கணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பினாள்.

“சந்தோஷு, நீ நாளைக்குக் கோட்டு மாட்டி வக்கீலா உக்கார்ந்திருக்கேன்னு வச்சுக்கோ. எதிர்ல ஒருத்தர் வந்து, பேப்பரைக் காட்டாம, போடட்டுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“பேப்பரைக் காட்டுங்கன்னு சொல்லுவேன்.”

“வக்கீலே பேப்பரைப் பார்க்காம சொல்ல மாட்டான். பேப்பரையே பார்க்காத மெஷின் சொல்லலாமா? வீடு அப்பா சம்பாதிச்சதா, தாத்தா வழியா வந்ததா? உயில் இருக்குதா? நமக்கு என்ன தெரியும்?”

“அநியாயம்னு தெரியுதே!”

“நமக்குத் தோணுது. அவ்வளவுதான்.”

சிவப்புக் கோடு பாதிக்கு வந்திருந்தது. சுகாசினி சந்தோஷின் பதிலில் முதல் சொல்லான ‘அக்கா’வை அழித்தாள்.

“அது ஏன் மேடம்? ஆறுதலா இருக்குமே.”

“அக்கான்னு கூப்பிட்டா நம்ம வீட்டு ஆள் சொல்ற மாதிரி ஆயிடும். கூடப் பொறந்தவங்க கழுத்தைப் புடிக்கிற நேரத்துல இன்னொரு தம்பி வந்து நிக்கிறான்னு நெனைப்பாங்க. அப்புறம் நாம என்ன சொன்னாலும் அது கட்டளை.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம். முத்துக்குமார் வந்தார். நிறுவனத்தின் சொந்தக்காரர். கீழே இருக்கும் பட்டுக் கடையும் அவர்கள் குடும்பத்துடையதுதான். ஐந்து தலைமுறையாகக் கோயிலுக்குப் பட்டு நெய்து கொடுக்கும் வீட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, புடவைக்கு நடுவே சாட்பாட் விற்கக் கிளம்பியவர். அடுத்த வாரம் மாவட்டம் முழுவதற்கும் வழித்துணையைத் திறந்துவிடப் போகிறார்கள். அதற்குள் ஒரு கெட்ட பெயர் வந்தால் எல்லாம் போச்சு.

“என்னம்மா, சிவப்பு எரியுது? இன்னும் எதுக்கு நோண்டிக்கினு இருக்கீங்க?” என்று திரையை எட்டிப் பார்த்தார். “விடுதலைப் பத்திரமா? ஐயோ சாமி. கைய வைக்காதீங்க. ஆயத்த வரியே போவட்டும். ‘நான் வழக்கறிஞர் அல்ல. தகுந்த வழக்கறிஞரை அணுகுவது நல்லது.’ முடிஞ்சுது. கேசு நம்ம மேல வராது.”

“வராதுதான் சார். ஆளும் திரும்பி வராது.”

“அது அவங்க பாடு.”

“போன வாரம் நம்ம கங்கையம்மாள் கேட்டது ஞாபகம் இருக்குதா சார்?”

முத்துக்குமாருக்கு ஞாபகம் இருந்தது. கங்கையம்மாள் கீழே கடையைப் பெருக்குகிறவர். சர்க்கரை மாத்திரை போட்டால் காலையில் கை நடுங்கி வேர்க்கிறது, நிறுத்திவிடட்டுமா என்று வழித்துணையிடம் கேட்டிருந்தார். மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று ஆயத்த வரி போயிருந்தது. ‘நல்லதுன்னுதானே சொல்லிச்சு, அவசரம்னு சொல்லலையே’ என்று அவர் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை எங்கோ ஏறிப் போயிருந்தது. நடுங்கி வேர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பதில் சொல்லவே இல்லை. கடைசியாக எதைச் சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்கவும் இல்லை.

“டாக்டர் மாதிரி நடிக்கக் கூடாதுன்னா ஊமையா இருக்கணும்னு அர்த்தம் இல்ல சார்,” என்றாள் சுகாசினி, தட்டிக்கொண்டே. “நெஞ்சு வலின்னு ஒருத்தர் எழுதினா நாம முதல் வரியில நூத்தியெட்டுக்குப் போன் பண்ணச் சொல்றோம். நான் டாக்டர் இல்லைங்கிறது அப்புறம்தான் வருது. இதுவும் அப்படித்தான். எது தெரியும், எது தெரியாது, யாருக்குத் தெரியும். மூணையும் சொல்லிட்டா நடிப்பும் இல்ல, நழுவலும் இல்ல.”

அவள் இதைக் கற்றது சென்னையில், ஒரு உடல்நல உதவி எண்ணில் ஏழு வருஷம் போன் எடுத்தபோது. அழைக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தகவல் வேண்டாம். தங்கள் முடிவைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ ஆகிவிட்டால், விழுந்தால் அவர்களும் விழுவார்கள், நீயும் விழுவாய்.

“கோடு கரையுது மேடம்!” என்றான் சந்தோஷ்.

அவள் விரல்கள் பறந்தன. சந்தோஷின் பதிலுக்குக் கீழே ‘நாங்கள் பரிந்துரைக்கிறோம்’ என்று இயந்திரம் எழுதி மிச்சமிருந்த ஒரு வரி காலி. அது வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி இருந்தது. ‘சட்டப்படி அப்பா சொத்தில் உங்களுக்கு’ காலி. அந்த ‘உங்களுக்கு’ என்பதை யாரைப் பார்த்துச் சொல்வது?

“பொம்பளைங்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. அதைப் போடுங்க மேடம்,” என்றான் சந்தோஷ். இப்போது அவன் குரலில் கோபம் குறைந்து, படிப்பு வந்திருந்தது.

“பார்த்தியா, இதுக்குத்தான் பி.எல். வேணும். சொல்லு, பத்திரம் பதிஞ்சுட்டா திருப்ப முடியுமா?”

“ரொம்பக் கஷ்டம். ஏமாத்தினாங்க, மிரட்டினாங்கன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும்.”

“இன்னிக்கே போட்டாகணும்னு இருக்குதா?”

“விருப்பம் இல்லாம யாரும் போட வைக்க முடியாது. எழுதிக் கொடுத்தது நீங்கதானான்னு சார்பதிவாளர் நேர்ல கேப்பாரு. அங்க வாயைத் தொறந்து சொல்லலாம்.”

கோடு நூலாக மெலிந்தபோது அவள் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினாள். முத்துக்குமார் திரையில் கிடந்ததை உதடசைத்துப் படித்தார்.

‘நான் ஒரு கணினி உதவியாளர், வழக்கறிஞர் இல்லை. உங்கள் பத்திரத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. அதனால் போடுங்கள், போடாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் நான் சொன்னால் அது வெறும் ஊகம்.

பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் மாற்றுவது மிகவும் கடினம். படித்துப் பார்க்க அவகாசம் கேட்கலாம். சம்மதம் இல்லையென்றால் சார்பதிவாளர் கேட்கும்போது அவரிடமே சொல்லலாம்.

போடும் முன் மூன்றைப் பாருங்கள். எந்தச் சொத்து, யார் பெயருக்குப் போகிறது? உங்கள் பங்குக்கு ஈடாக நீங்கள் ஏற்கெனவே ஏதாவது பெற்றிருக்கிறீர்களா? நீங்களாக யோசித்து வந்தீர்களா, யாராவது அழுத்துகிறார்களா?

யாராவது மிரட்டினால் உடனே 112. சட்ட ஆலோசனைக்கு 15100, இலவசம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லை. மற்றவர்களுக்குத் தகுதி உண்டா என்று அவர்களே சொல்வார்கள்.’

“நீளம்,” என்றார் முத்துக்குமார்.

“வீடு சார்.”

இரண்டு நீலக் குறி விழுந்தது. படித்தாகிவிட்டது. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே யாரோ ஒரு அம்மாள், “இதே கரையில மாம்பழக் கலர் இருக்குதாபா?” என்று உரக்கக் கேட்டார்.

டிங்.

‘ஒரே வார்த்தையில கேட்டேன். நீங்களும் நழுவுறீங்க.’

சந்தோஷ் பல்லைக் கடித்தான். “சொன்னேன்ல மேடம்.”

டிங்.

‘டோக்கன் கூப்பிட்டாச்சு. அடுத்தது நான்தான். வேணாம்னு நீங்க சொல்லுங்க, இப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடறேன். உங்களைத்தான் நம்பறேன்.’

முத்துக்குமாரின் முகம் மாறிவிட்டது. இதுவரை வழக்குக்குப் பயந்தவர் இப்போது தொண்டையைச் செருமினார்.

“அம்மாடி… பாவமா இருக்குதும்மா. எங்க பெரியம்மா பொண்ணு ஒண்ணு இப்படித்தான்… ஒரு வார்த்தைதானே? வேணாம்னு தட்டிவிட்டா என்ன? நல்லதுக்குத்தானே?”

“சார், நீங்களுமா!”

“நான் முதலாளியா சொல்லலம்மா, மனுசனா சொல்றேன்.”

சுகாசினியின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. மூன்று எழுத்து. வே, ணா, ம். அந்தப் பெண்ணை அவள் மனக்கண்ணில் பார்த்தாள். கசங்கிய கைக்குட்டை, தோளில் தொங்கும் பை, கதவுக்கு வெளியே சீர் செய்த அண்ணன்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணிகள். வேணாம் என்று சொல்ல அவளுக்குமே ஆசையாகத்தான் இருந்தது. ஆசையாக இருக்கும்போதுதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தது.

தட்டினாள். இந்த முறை நிறுத்தி நிதானமாக.

‘உங்கள் நெருக்கடி புரிகிறது. நம்பிக் கேட்டதற்காகவே பொய்யாக ஒரு தீர்ப்பு சொல்ல மாட்டேன். இந்தக் கையெழுத்து உங்களுடையது, முடிவும் உங்களுடையது. மனது தெளியவில்லை என்றால், இன்று வேண்டாம், படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் பங்கை விடுவதும் ஆகாது, விட மறுப்பதும் ஆகாது. இப்போதே ஒரு ஆளிடம் பேச வேண்டுமானால் 15100.’

“தள்ளிப்போடறது,” என்றான் சந்தோஷ் மெதுவாக. “இது எனக்குத் தோணலையே.”

“போடு, போடாதன்னு ரெண்டையே பார்த்துக்கினு இருந்தே. அதான்.”

அனுப்பினாள்.

நீலக் குறி. பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை.

முத்துக்குமார் இரண்டு முறை கீழே போய்விட்டு வந்தார். மூன்றாவது முறை கையில் காபியோடு வந்து, யாருக்கும் கொடுக்காமல் தானே குடித்தார். சந்தோஷ் சிவப்பு வரிசையில் வந்த வேறு கேள்விகளைப் பார்த்தான். பல் பிடுங்குமுன் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்று ஒன்று. ‘மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள்’ என்று அவன் எழுதினான். ‘நல்லது’ என்ற சொல் எங்குமே வரவில்லை. சுகாசினி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ‘அனுப்பு’ என்று தலையாட்டினாள்.

“போட்டிருக்கும் மேடம்,” என்றான் அவன் கடைசியில். “பாவம், போட்டுட்டு அழுதுக்கினே போயிருக்கும்.”

“இருக்கலாம்.”

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“இருக்குது. ஆனா மறுபடி கேட்டாலும் இதையேதான் அனுப்புவேன்.”

அப்போதுதான் அடித்தது.

டிங்.

மூன்று தலைகளும் ஒரே திரைக்குப் பாய்ந்தன. முத்துக்குமாரின் காபி மேஜையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

‘தள்ளிப்போடக் கேட்டேன். சார்பதிவாளர், அவசரமில்ல, படிச்சுட்டு வாங்கன்னுட்டாரு. வெளிய மரத்தடியில உக்கார்ந்து முழுசாப் படிச்சேன். 15100க்கும் போன் பண்ணேன். ஒரு அம்மா பொறுமையா எல்லாம் கேட்டாங்க. அவங்களும் போடு போடாதன்னு சொல்லல. நீங்க கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. ஈடா ஏதாவது வாங்குனீங்களான்னு.’

“என்ன ஈடு? கல்யாண நகையா?” என்றான் சந்தோஷ்.

‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

‘வாங்கியிருக்கேன். என் கல்யாணத்தப்ப செவிலிமேட்டுல மனை. அப்பா வாங்கிக் குடுத்தது. அத உங்ககிட்ட சொல்லல. கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்.’

“ஐயோ,” என்றார் முத்துக்குமார். “போட்டுருச்சே அந்தப் பொண்ணு.”

சுகாசினி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

டிங்.

‘ஒண்ணு சொல்லணும். வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளிய காத்துக்கினு இருந்தவங்ககிட்ட, பாரு, சட்டமே வேணாங்குதுன்னு காட்டிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். அப்பாவுக்குப் படுக்கையில எல்லாம் செஞ்சு, அந்த வீட்டுலயே தறி போட்டுக்கினு தனியா இருக்கறது எங்க அக்கா. வீட்டை அக்காவுக்கு விட்டுடறேன்னு அப்பா கையைப் புடிச்சு நான்தான் சொன்னேன். மனை போதாதுன்னு என் வீட்டுக்காரி சொன்னதும் ஆசை வந்துடுச்சு. நான் அவங்க தம்பி, வேணுகோபால்.’